அப்பத்தாவுக்கு ஏன் முடி கொட்டுது?

பத்து வயதுக் குழந்தையின் கண்ணுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தலைகீழாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அப்பத்தா நன்றாக இருக்கிறார். காலையில் வாசலில் கோலம் போடுகிறார், பேத்திக்குத் தலை பின்னிவிடுகிறார், சாயங்காலம் சீரியல் பார்க்கிறார். மார்பில் இருக்கும் கட்டி அவருக்கு வலிக்கக்கூட இல்லை. மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் வாந்தி, படுக்கை, வாய்ப்புண் எல்லாம். மூன்றாவது வாரத்தில் தலைமுடியும் போகிறது. இதைப் பார்க்கிற குழந்தை இரண்டில் ஒரு முடிவுக்கு வரும். ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்பத்தாவைக் கெடுத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் அப்பத்தா செத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டுமே தவறு. ஆனால் யாரும் எதுவும் சொல்லாத வீட்டில், கண்ணில் பட்டதை வைத்துக் கணக்குப் போடுகிற குழந்தைக்கு வேறு விடை கிடைக்க வழியில்லை.

‘அப்பத்தாவுக்குக் கேன்சர்’ என்று சொல்வதற்கு மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளும் பெற்றோர்கூட அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நோயின் பெயரைச் சொன்னது பாதி வேலைதான். மருந்து என்னென்ன செய்யும், எந்த வாரத்தில் செய்யும், எது தானாகச் சரியாகும் என்பது மீதிப் பாதி. அடுத்த எட்டு ஒன்பது மாதம் குழந்தை தினமும் பார்க்கப்போவது நோயை அல்ல, மருந்தின் வேலையைத்தான்.

சொல்லாமலே விட்டுவிட்டால் குழந்தைக்குத் தெரியாது என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்று பழையது. அமெரிக்க மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், ரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில் இருந்த குழந்தைகளோடு பல மாதம் பழகி, 1978-ல் அதைப் புத்தகமாக எழுதினார். பெற்றோரும் மருத்துவர்களும் அந்தக் குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. இருந்தும் மருந்துகளின் பெயர், பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு என்ன ஆனது, பெரியவர்கள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதையெல்லாம் சேர்த்து, தங்களுக்கு என்ன நடக்கிறது என்பதை அவர்கள் தாங்களாகவே அறிந்திருந்தார்கள். பெரியவர்கள் வருத்தப்படுவார்களே என்று தெரியாததுபோல நடித்தார்கள். அவர்களில் பலர் பத்து வயதை எட்டாதவர்கள். மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரை எழுத்துக்கூட்டி போனில் தேடத் தெரிந்த இன்றைய ஐந்தாம் வகுப்புக் குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மதுரையில் மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தியோடு ஒரே வீட்டில் இருக்கும் 61 வயது அப்பத்தா. இடது மார்பில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. அக்குளில் ஒரு நெறிக்கட்டிக்கும் பரவியிருக்கிறது, அதைத் தாண்டவில்லை. மருத்துவர்கள் இதை இரண்டாம் நிலை என்பார்கள். முழுதாகக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை கொடுப்பார்கள். ஜூன் மாதம் தொடங்குகிறது. 21 நாளுக்கு ஒரு முறையாக நான்கு தடவை கீமோ. பிறகு வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு தடவை வேறொரு மருந்து. நவம்பர் கடைசியில் அது முடியும். டிசம்பரில் அறுவைச் சிகிச்சை, புண் ஆறியதும் கதிர்வீச்சு. இந்தக் கட்டி ஹார்மோனைச் சார்ந்து வளர்கிற வகை என்பதால் அதன் பிறகு தினம் ஒரு மாத்திரை. நம் ஊர் மருத்துவமனைகளில் பரவலாகக் கொடுக்கப்படும் வரிசைதான் இது.

பேத்தியிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அப்பத்தாவுக்கே தெரியுமா? ‘அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்’ என்று அறைக்கு வெளியே வந்து கேட்காத மகன்கள் நம்மூரில் குறைவு. நோயாளிக்குத் தெரியாத ஒன்றைக் குழந்தைக்குச் சொல்வது என்றால், ஒரு ரகசியத்தை அதன் தலையில் ஏற்றி, தினமும் அப்பத்தாவின் பக்கத்தில் படுக்கச் சொல்வது என்று பொருள். அதைச் செய்யக் கூடாது. முதலில் அப்பத்தாவுக்குத் தெரிய வேண்டும், பேத்தியிடம் சொல்ல அவருடைய சம்மதமும் வேண்டும். இந்த வரிசை மாறினால், மற்ற எதைச் சரியாகச் செய்தாலும் பயனில்லை.

நேரமும் முக்கியம். தூங்கப் போகும் முன் சொன்னால் குழந்தை இருட்டில் தனியாக யோசித்துக்கொண்டிருக்கும். பள்ளிக்குக் கிளம்பும்போது சொன்னால் கேள்வி கேட்க ஆள் இருக்காது. முதல் கீமோவுக்கு நாலைந்து நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை நல்லது. பத்து நிமிடம் போதும். சொல்பவர் குழந்தையோடு தினமும் பழகுகிறவராக இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த பெரியப்பாவிடம் இந்தப் பொறுப்பைத் தள்ளிவிடும் வழக்கம் சரியல்ல.

புற்றுநோய் மருத்துவர்களுக்காக வால்ட்டர் பெய்லும் ராபர்ட் பக்மனும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2000-ல் வெளியிட்ட ஆறு படி முறை ஒன்று உண்டு. கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன்னால், எதிரே இருப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும் என்பது அதில் ஒரு படி. வீட்டிலும் அதுவே வேலைக்கு ஆகும். நம் மதுரை வீட்டில் பேச்சு இப்படிப் போகலாம்.

“அப்பத்தா ரெண்டு மூணு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துச்சுல்ல பாப்பா, எதுக்குன்னு நினைக்கிற?”

“கட்டின்னு அம்மா சித்திகிட்ட போன்ல சொன்னாங்க.”

“ஆமா, மார்ல ஒரு கட்டி. அதுல ஒரு துளி எடுத்து டெஸ்ட் பண்ணுனாங்க. கேன்சர்னு வந்திருக்கு.”

இங்கே அப்பா நிறுத்த வேண்டும். குழந்தை அழலாம், பேசாமல் இருக்கலாம், ‘இன்னிக்கு டியூஷன் உண்டா’ என்றும் கேட்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு, இதற்கு மனசே இல்லையோ என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. தாங்கக்கூடிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்குக் குழந்தை பிறகு வரும். குளிக்கும்போதோ வண்டியில் போகும்போதோ திடீரென்று கேள்வி விழும்.

முதலில் வரும் கேள்விகளில் ஒன்று காரணத்தைப் பற்றியது. தியேட்டரில் படம் தொடங்கும் முன் போடும் புகையிலை எச்சரிக்கைப் படங்களைப் பார்த்து வளர்ந்த குழந்தை இது. கேன்சர் என்றால் பீடி, சிகரெட், பான்பராக் என்றுதான் அதற்குத் தெரியும். “அப்பத்தா சிகரெட் குடிக்காதே?” என்று கேட்கும். அப்பத்தா வெற்றிலை போடுகிறவராக இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். புகையிலை வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணம்; மார்பில் வருவதற்குப் பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. இதை இதே அளவில் சொல்லிவிடலாம்.

வெளியே வராத கேள்வி இன்னொன்று உண்டு. போன லீவில் விளையாடும்போது பந்து அப்பத்தாவின் நெஞ்சில் பட்டிருக்கலாம். ‘உன்கூட மாரடிச்சே எனக்கு நெஞ்சுவலி வந்துரும்’ என்று அப்பத்தா ஒரு நாள் திட்டியிருக்கலாம். குழந்தை இதையெல்லாம் மறப்பதில்லை. கேட்கும்வரை காத்திருக்காமல் அப்பாவே சொல்லிவிடுவது நல்லது: “அடிபட்டதால இது வராது. கோபத்தால, கவலையால வராது. நீ செஞ்ச எதாலயும் வரலை.”

இப்போது மருந்து. பத்து வயதுக் குழந்தைக்கு உயிரணுக்கள் பற்றி ஓரளவு சொல்லிப் புரியவைக்க முடியும். உடம்பில் பழைய செல் போய்ப் புதிய செல் வந்துகொண்டே இருக்கும். கேன்சர் செல் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் பெருகும். கீமோ மருந்து வேகமாகப் பெருகுகிற செல்லைத் தேடிக் கொல்லும். சிக்கல் என்னவென்றால் மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகம் மட்டும்தான் தெரியும். நம் உடம்பில் இயல்பாகவே வேகமாகப் பெருகும் இடங்கள் நான்கு: முடியின் வேர், வாயின் உள்தோல், குடலின் உள்தோல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை. அடி அங்கேயும் விழும். முடி கொட்டுவது, வாய்ப்புண், வயிற்றுக் கோளாறு, எதிர்ப்புச் சக்தி குறைவது என்று அப்பத்தாவிடம் குழந்தை பார்க்கப்போகிற பலவற்றுக்கும் இந்த ஒரு விளக்கம் போதும். இந்த நல்ல செல்கள் திரும்ப முளைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விளக்கம் முழுமையாகும்.

முதல் நான்கு தடவையும் ஏறும் மருந்துகளில் ஒன்று டாக்ஸோரூபிசின். ரத்தச் சிவப்பு நிறம். ஏறிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் செம்மஞ்சளாகப் போகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், குளியலறையில் பார்க்கிற குழந்தை ரத்தம் என்றே நினைக்கும். பழைய சினிமாவில் கேன்சர் வந்த நாயகன் இருமிக் கைக்குட்டையைப் பார்க்கும் காட்சி வேறு அதன் நினைவில் இருக்கலாம். பயத்தைக் குறைக்க ஒரு சுவையான தகவலும் உண்டு. இந்த மருந்து மண்ணிலிருந்து வந்தது. இத்தாலியில் காஸ்தெல் தெல் மோந்தே என்ற பழைய கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் சிவப்பு நிறமி சுரக்கும் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து ஒரு மருந்தும், அதன் மாறிய வகையிலிருந்து இந்த மருந்தும் வந்தன. அருகிலிருக்கும் ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் இதற்கு ஏட்ரியமைசின் என்றும் பெயர். நோயாளியின் ஃபைலில் அந்தப் பெயரையும் பார்க்கலாம். இந்த மாதிரி விவரங்கள்தான் பத்து வயதின் மனத்தில் நிற்கும்.

இதற்கடுத்து நாட்காட்டி. சுவரில் மாட்டும் தினசரி காலண்டரைவிட மாதம் முழுதும் ஒரே தாளில் தெரியும் காலண்டர் இதற்கு வசதி. மருந்து ஏறும் நாள் ஒன்று. முதல் நான்கைந்து நாள் குமட்டல் அதிகம். வாந்தியை அடக்க மாத்திரை உண்டு, இருந்தாலும் தாளிக்கிற வாசனைகூட அப்பத்தாவுக்கு ஆகாமல் போகலாம். வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலையும் கொடுக்கும். அந்த நாட்களில் அப்பத்தா காரணமில்லாமல் கத்தினால் அதில் மாத்திரைக்கும் பங்கு உண்டு என்று குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது வாரம் வெளிப்பார்வைக்கு அப்பத்தா தெளிந்துவிடுவார். ஆனால் ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரையில்தான் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய வாரம் அதுதான். மூன்றாவது வாரம் ஓரளவு பழைய அப்பத்தா. தாயக்கட்டை விளையாடுவது, கடைக்குப் போவது எல்லாம் அந்த வாரத்துக்கு. 22-ம் நாள் மறுபடி ஒன்று.

இரண்டாவது வாரத்தை விளக்குவதில்தான் பல வீடுகள் சறுக்குகின்றன. அப்பத்தாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், பக்கத்தில் போகாதே என்ற அதட்டல். கொரோனா காலத்துப் பேச்சைக் கேட்டு வளர்ந்த குழந்தை இதை எப்படிப் படிக்கும்? அப்பத்தாவிடமிருந்து நமக்கு ஒட்டிக்கொள்ளும் என்றுதான். நிலைமை நேர்மாறானது. கேன்சர் தொட்டாலோ, மடியில் படுத்தாலோ, முத்தம் கொடுத்தாலோ ஒட்டாது. நம்மிடம் இருக்கிற சளியும் காய்ச்சலும் அப்பத்தாவுக்கு ஒட்டிவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். பள்ளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, தனக்குச் சளி பிடித்தால் அதைத் தானே சொல்வது ஆகியவை பேத்தியின் பொறுப்பாகலாம். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும். அப்பாவோ அம்மாவோ மருத்துவருக்குப் போன் செய்து கேட்டுக்கொள்வார்கள்.

எச்சரிக்கை எதுவும் எதிர்த்திசையில் இல்லையா என்றால், ஒன்று உண்டு. மருந்து ஏறிய முதல் இரண்டு நாள் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் மிச்சம் இருக்கும். அதைத் துடைப்பது கையுறை போட்ட பெரியவர்களின் வேலை. குழந்தை உதவி செய்கிறேன் என்று வாளியைத் தூக்க வேண்டியதில்லை.

பெரியவர்கள் வெளியே போயிருக்கும்போது அப்பத்தா நடுங்குகிறார் என்றால் பேத்தி என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கலாம். வெள்ளை அணுக்கள் குறைந்த நாட்களில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்பது பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்கிற காய்ச்சல் அல்ல; ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டியது. தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரிந்திருந்தால் போதும். காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் காவல் வேலையைப் பத்து வயதின் மேல் ஏற்றிவிடக் கூடாது.

முடி, முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். சீப்பிலும் தலையணையிலும் கொத்தாக வரும். புருவமும் இமைமுடியும்கூட மெலியலாம். இந்த மருந்தில் அது அநேகமாக உறுதி என்பதால், ‘கொட்டாமலும் இருக்கலாம்’ என்று ஆறுதலுக்குச் சொல்வது குழந்தையைப் பிறகு ஏமாற்றியதாகிவிடும். எல்லாக் கீமோவும் இப்படி இல்லை என்பதும் உண்மை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு வாரம் ஒரு முறை கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டினில் பெரும்பாலும் தலை மொட்டையாவதில்லை. பக்கத்து வீட்டு அம்மாவோடு ஒப்பிட்டு, ‘அவங்களுக்கு முடி இருக்கே, நம்ம அப்பத்தாவுக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி’ என்று குழந்தை நினைக்கலாம். முடி போவதற்கும் நோயின் அளவுக்கும் சம்பந்தமில்லை, மருந்தைப் பொறுத்தது என்று ஒரு வரி சொல்லி வைக்கலாம். சில அப்பத்தாக்கள் கொத்துக் கொத்தாகப் பார்க்க வேண்டாம் என்று முன்னாலேயே வழித்துவிடுவார்கள். நேர்த்திக்கடனுக்கு மொட்டையடித்துப் பழகிய ஊரில் குழந்தைக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருப்பதில்லை.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வரும் சமயம் மருந்து மாறுகிறது. பாக்ளிடாக்சல் வாந்தியை அவ்வளவாகக் கொடுக்காது, விரல் நுனியை மரக்கவைக்கும். தம்ளர் நழுவும், ஜாக்கெட் கொக்கி மாட்ட வராது, சடை பின்னும் கை தடுமாறும். மருந்து முடிந்து மாதக்கணக்கில்தான் இது குறையும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடும். அறுவைச் சிகிச்சையில் மார்பையே எடுக்கப்போகிறார்கள் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். கூடவே உறங்குகிற பேத்திக்கு அது தெரியாமல் போகாது. காயத்திலிருந்து வரும் நீரைச் சேர்க்க ஒரு குழாயும் குப்பியும் சில நாள் தொங்கும். பொங்கல் சமயத்தில் அந்தப் பக்கக் கையால் பானை தூக்க முடியாது. கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள் வீதம் சுமார் மூன்று வாரம். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் இந்த முறையில் அப்பத்தாவின் உடம்பில் எந்தக் கதிரும் தங்காது, அன்று மாலையே மடியில் உட்காரலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள்தான் சில நாள் குழந்தைகளை விட்டு விலகி இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பேத்தியை ஊருக்கு அனுப்பிவிடுபவர்கள் உண்டு.

“அப்பத்தா செத்துப்போயிருமா?”

பத்து வயதில் சாவு என்றால் என்ன என்று தெரியும். போனவர் திரும்ப மாட்டார், எல்லோருக்கும் வரும் என்பது தெரிந்துதான் கேட்கிறது. ‘சீ, என்ன பேச்சு’ என்று வாயடைத்தால் அந்தக் கேள்வி இந்த வீட்டில் கேட்கக் கூடாதது என்று கற்றுக்கொள்ளும். ‘சத்தியமா ஒண்ணும் ஆகாது’ என்பதும் அப்பாவால் காப்பாற்ற முடியாத வாக்கு. நம் வீட்டு நிலைமைக்குப் பொருந்தும் பதில் இப்படி இருக்கும்: “கேன்சர்ல சிலர் இறந்துபோறாங்க. நிறையப் பேர் குணமாகவும் செய்றாங்க. அப்பத்தாவுக்கு இது மத்த இடத்துக்குப் பரவலை, குணமாக்கத்தான் டாக்டர் மருந்து குடுக்குறாங்க. அது மாறுச்சுன்னா உன்கிட்ட மறைக்க மாட்டேன்.” கல்லீரலுக்கோ எலும்புக்கோ பரவிய நோய் என்றால் வாக்கியம் வேறு. “முழுசா போக்க முடியாது, வளராம அடக்கிவைக்க மருந்து குடுக்குறாங்க” என்று சொல்ல வேண்டியிருக்கும். கடைசி வரியில் கொடுத்த வாக்கு இரண்டு நிலைமைக்கும் பொருந்தும், அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

வகுப்பாசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. யாரெல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்று பேத்தியிடம் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். சில நாள் அழுகை, படிப்பில் கவனக்குறைவு சாதாரணம். வாரக்கணக்கில் தூக்கம் வராமல் தவிப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, தினமும் வயிற்றுவலி சொல்லிப் பள்ளிக்குப் போக மறுப்பது சாதாரணம் அல்ல. குழந்தைநல மருத்துவரையோ, அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐயோ கேட்கலாம்.

கதிர்வீச்சு முடிந்ததும் வீட்டுப் பெரியவர்கள் ‘எல்லாம் முடிஞ்சது’ என்பார்கள். அதற்குள் அப்பத்தாவின் தலையில் குட்டை முடி வந்திருக்கும், பழைய முடியைவிடச் சுருட்டையாகக்கூட வரலாம். ஆனால் மாத்திரை நிற்காது. லெட்ரோசோல் போன்ற மாத்திரையைத் தினமும் ஒன்றாகக் குறைந்தது ஐந்து வருடம் போட வேண்டும், பேத்தி பத்தாம் வகுப்புக்குப் போகும்வரை. இது இருக்கிற நோய்க்கான மருந்து அல்ல, திரும்ப வராமல் இருப்பதற்கானது. சில மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதும் தொடரும். அந்தத் தேதியும் காலண்டரில் பேத்தியின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், அன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் என்ன சொன்னார் என்பது அவளுக்கும் சொல்லப்பட வேண்டும்.